மெலிந்த சிந்த் ஒலிக்கு டேப் சாச்சுரேஷன்

டிஜிட்டல் சிந்த் ஒலி மிக்ஸில் மெலிந்து கேட்கிறது. டேப் சாச்சுரேஷன் அதை எப்படிக் கதகதப்பாக்குகிறது?

காந்த நாடாவில் அதன் தாங்குதிறனை நெருங்கும் அளவுக்கு உரத்துப் பதிவு செய்தால், ஒலியலையின் முகடுகள் வெட்டுப்படாமல் மெல்ல மழுங்கும். இதுவே டேப் சாச்சுரேஷன். மெத்தையை அழுத்தும்போது முதலில் எளிதாக அமிழ்ந்து, போகப் போக எதிர்ப்பு கூடுவதைப் போல, நாடாவும் ஓர் அளவுக்கு மேல் கூடுதல் உரப்பைக் குறைவாகவே ஏற்கிறது. இன்று பிளக்-இன் எனும் துணை மென்பொருள்கள் இதையே கணக்கிட்டுச் செய்கின்றன.

மழுங்கிய அலையில், மூல அதிர்வெண்ணின் ஒற்றைப்படை மடங்குகளில் புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. 110 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் சைன் அலை பாஸை எடுத்துக்கொள்வோம். அதில் மேற்சுரமே இல்லாததால், சிறிய ஒலிபெருக்கியில் அது ஏறக்குறைய மறைந்துவிடும். சாச்சுரேஷன் சேர்த்ததும் 330, 550 ஹெர்ட்ஸ்களில் துணை ஒலிகள் தோன்றி, காது அந்தச் சுரத்தைப் பற்றிக்கொள்ள இடம் தருகின்றன.

மற்ற வாத்தியங்களும் ஒலிக்கும்போதே, சாச்சுரேஷனின் அளவைக் கூட்டும் டிரைவை மெல்ல உயர்த்தி, கரகரப்பு தெரியத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றுப் பின்வாங்குங்கள். பிறகு வெளியீட்டு அளவைக் குறைத்து, பிளக்-இன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே உரப்பில் கேட்கும்படி சமன்செய்யுங்கள். உரத்த ஒலி பொதுவாகச் சிறந்ததாகத் தோன்றுவதால், இதைச் செய்யாமல் எடுக்கும் முடிவை நம்ப முடியாது. பல சுரங்கள் சேர்ந்த கார்டுகளில் டிரைவை இன்னும் குறைவாக வையுங்கள், ஏனெனில் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து, கார்டில் இல்லாத அதிர்வெண்களை உண்டாக்கிக் கலங்கலாக்கும்.

மூல ஒலியில் இல்லாத அடித்தள பாஸைச் சாச்சுரேஷன் உருவாக்கும் என்பது பரவலான தவறான எண்ணம். ஒற்றைச் சுரத்தில் அது சேர்ப்பவை மூல அதிர்வெண்ணுக்கு மேலேயே அமைகின்றன.