கோரலில் கேடன்ஸ் வகையைக் கண்டுபிடிப்பது

பாக்கின் கோரல்களில் பெர்ஃபெக்ட், பிளேகல், ஹாஃப், டிசெப்டிவ் கேடன்ஸ்களை எப்படி அடையாளம் காண்பது?

ஃபெர்மாட்டா குறி இருக்கும் இடத்தில் அடி முடிகிறது. அங்கே பேஸ் குரலின் கடைசி இரண்டு ஸ்வரங்களை முதலில் பாருங்கள். சி மேஜர் என்று வைத்துக்கொள்வோம். ஜி‑யிலிருந்து சி‑க்குப் போனால் பெர்ஃபெக்ட், எஃப்‑இலிருந்து சி‑க்கு வந்தால் பிளேகல். ஜி‑யிலிருந்து ஏ மைனருக்கு ஏறினால் டிசெப்டிவ். அப்போது பி ஸ்வரம் சி‑க்கு ஏறுவதால், ஏ மைனர் கார்டில் சி பெரும்பாலும் இரண்டு குரல்களில் இருக்கும்.

ஜி கார்டில் நின்றால் ஹாஃப்தான், ஆனால் அவசரப்பட வேண்டாம். முந்தைய கார்டில் எஃப் ஷார்ப் இருக்கிறதா என்று ஆல்டோவிலும் டெனரிலும் தேடுங்கள். அது இருந்து, பேஸும் டி‑யிலிருந்து ஜி‑க்குப் போனால், பெரும்பாலும் பாட்டு ஜி மேஜருக்கு நகர்ந்துவிட்டது. அது அங்கே பெர்ஃபெக்ட். மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.