ஐஆர்ஆர் 10 சதவீதமா, 40 சதவீதமா?

கேள்வி: நண்பர் ஒரு கல்குவாரியில் பங்கு சேரச் சொல்கிறார். இப்போது 1000 போட வேண்டும் (எல்லாத் தொகையும் ஆயிரக்கணக்கில்), ஒரு வருடம் கழித்து 2500 கைக்கு வரும், அதற்கு அடுத்த வருடம் குழியை மூடி நிலத்தைச் சரிசெய்ய என் பங்காக 1540 கட்ட வேண்டும். எக்செல்லில் எனக்கு ஐஆர்ஆர், அதாவது முதலீட்டின் வருடாந்திர வருமான விகிதம், 10% வருகிறது, அவர் 40% காட்டுகிறார். யார் கணக்கு தப்பு?

பதில்: யார் கணக்கும் தப்பில்லை. உங்கள் எண்களை A1 முதல் A3 வரை -1000, 2500, -1540 என்று போட்டு இரண்டு விதமாகக் கேட்டுப் பாருங்கள்.

```
=IRR(A1:A3)
=IRR(A1:A3,0.5)
```

முதல் வரி 10% தரும், இரண்டாவது 40% தரும். எக்செல் ஒரு ஊகத்தில் தொடங்கித்தான் விடையைத் தேடுகிறது, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 10 சதவீதத்தில் தொடங்கும், அதனால் பக்கத்தில் கிடைத்த விடையோடு நின்றுவிடுகிறது. இன்னொன்று இருக்கிறது என்று அது சொல்லாது.

இரண்டு விடை வரக் காரணம் பணம் போகிற திசை இரண்டு முறை மாறுவதுதான்: முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ், மறுபடி மைனஸ். குறி எத்தனை முறை மாறுகிறதோ அதிகபட்சம் அத்தனை விடை வரலாம். மாதாமாதம் கட்டி கடைசியில் மொத்தமாக எடுக்கிற முதலீட்டில் ஒரே முறைதான் மாறும், அங்கே இந்தத் தொல்லை கிடையாது. சில சமயம் விடையே இல்லாமலும் போகும். உங்கள் 1540ஐ 1600 ஆக்கிப் பாருங்கள், எக்செல் #NUM! என்று கையை விரித்துவிடும்.

சரி, 40% என்ன சொல்கிறது என்று கிட்டப்போய்ப் பார்ப்போம். 1000 ஒரு வருடத்தில் 40 சதவீதத்தில் 1400 ஆகிறது. உங்களுக்கு வந்ததோ 2500. ஆக, 1100 அதிகமாகவே கையில் வந்துவிட்டது, அது உங்கள் லாபம் இல்லை, அடுத்த வருடம் குழியை மூடுவதற்காக முன்கூட்டியே வந்த பணம். அந்த 1100ஐ நீங்கள் எங்கேயோ போட்டு அதுவும் 40% வளர்ந்தால்தான் 1540 ஆகும். 10 சதவீதத்துக்கும் இதே கதைதான்: 1000 வளர்ந்து ஆகும் 1100 போக மிச்சம் 1400, அது 10% வளர்ந்து 1540. அதாவது குவாரி எவ்வளவு தரும் என்பதோடு, நடுவில் ஒரு வருடம் உங்கள் கையில் இருக்கும் பணத்துக்கு என்ன வட்டி வரும் என்பதையும் ஐஆர்ஆர் தானே முடிவுசெய்துகொள்கிறது. அதை முடிவுசெய்ய வேண்டியது நீங்கள். மொத்தமாகக் கூட்டினாலே தெரியும், நீங்கள் கட்டுவது 2540, வாங்குவது 2500. வட்டியே இல்லாத உலகத்தில் இது 40 நஷ்டம்.

அதனால் ஐஆர்ஆரை ஓரமாக வைத்துவிட்டு இப்படிப் போடுங்கள். 1540 கட்டியே ஆக வேண்டிய பணம் என்பதால் பங்குச்சந்தையில் விட முடியாது, வைப்பில்தான் போட வேண்டும். அங்கே 8% கிடைக்கும் என்று வையுங்கள். இரண்டாம் வருடம் 1540 வேண்டுமென்றால் முதல் வருட முடிவிலேயே 1540 ÷ 1.08, கிட்டத்தட்ட 1426 ஒதுக்க வேண்டும். 2500இல் அது போனால் மிச்சம் 1074. நீங்கள் போட்ட 1000க்கு உண்மையான வருமானம் 7.4%, வைப்பைவிடக் குறைவு. அதே வைப்பு 12% தந்தால் ஒதுக்க வேண்டியது 1375 மட்டும், வருமானம் 12.5 சதவீதமாகி லேசாக முந்துகிறது. நடுவில் கிடைக்கும் வட்டி 10 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் இடையே இருந்தால் மட்டுமே இந்தத் திட்டம் வைப்பை ஜெயிக்கும், உங்கள் இரண்டு ஐஆர்ஆரும் சொல்வது அந்த எல்லைகளைத்தான். சரிபார்க்க `=A1+NPV(8%,A2:A3)` போடுங்கள், -5.49 வரும், அதாவது எல்லாவற்றையும் 8% வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் அவ்வளவு நஷ்டம். A1ஐ அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிடாதீர்கள், சேர்த்தால் இன்று போடும் பணத்தையும் ஒரு வருடம் தள்ளிக் கணக்கிட்டுவிடும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை அந்த 1540தான். குழியை மூடும் செலவு 10% கூடி 1694 ஆனால், 8% வட்டியில் 1569 ஒதுக்க வேண்டும், மிச்சம் 931, அதாவது உங்கள் முதலிலேயே கிட்டத்தட்ட 7% போய்விடுகிறது. 8% வைப்புதான் உங்களுக்குக் கிடைக்கும் என்றால் நான் சேர மாட்டேன். சேரத்தான் வேண்டும் என்றால், சீரமைப்புச் செலவில் உங்கள் பங்குக்கு ஓர் உச்சவரம்பை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், 2500 முழுவதும் உங்கள் கைக்கு வருமா, அல்லது ஒரு பகுதியை நிறுவனமே பிடித்து வைத்துக்கொள்ளுமா என்பதையும் கேளுங்கள், பிடித்து வைத்தால் அதற்கு வட்டி யாருக்கு என்பதையும் சேர்த்து.