ஜிஎஸ்டி ரிட்டர்னில் தாமதக் கட்டணம், வட்டி: இரண்டும் ஏன்?

"சின்ன மளிகைக் கடைங்க. 20 நாள் லேட்டா GSTR-3B போட்டேன். வரி பாக்கி ஆறாயிரம்தான். தாமதக் கட்டணம் ஆயிரம், வட்டி தனியா வருது. ஏன்?"

இவை இரண்டு வேறு தவறுகளுக்கானவை. தாமதக் கட்டணம், கணக்கை நாள் தவறிக் கொடுத்ததற்கு. வட்டி, அரசுக்குச் சேர வேண்டிய பணம் உங்களிடம் தங்கியதற்கு.

கட்டணம் நூலகத்தில் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பிக் கொடுப்பது மாதிரி: புத்தகத்தின் விலை என்னவானாலும் அபராதம் நாள் கணக்குதான். ஒரு நாளைக்கு மத்திய வரிக்கு 25, மாநில வரிக்கு 25. அதனால்தான் 500, 500 என இரண்டு கட்டங்களில் தெரிகிறது. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் ஒரு ரிட்டர்னுக்கு மொத்தம் 2,000-க்கு மேல் போகாது.

வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். மொத்த வரி 20,000, அதில் 14,000-ஐ உள்ளீட்டு வரி வரவில் கழித்தீர்கள் என்றால், ரொக்கமாகக் கட்டும் 6,000-க்கு மட்டுமே வட்டி:

```
6000 × 18/100 × 20/365 = 59.18
```

கிட்டத்தட்ட 59 ரூபாய். முழு 20,000-க்கும் போட்டிருந்தால் 197 வரும், அதைக் கவனியுங்கள். கட்டணம், வட்டி இரண்டையும் உள்ளீட்டு வரி வரவில் கழிக்க முடியாது, ரொக்கம்தான்.

வியாபாரமே நடக்காத மாதம் ரிட்டர்ன் வேண்டாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்கும் நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம், 500 வரை கட்டணம் ஏறும்.