பசி, வலி, மனசு: மூன்றிலும் இருக்கும் ஒரே பூட்டு

"அம்மாவுக்குக் கீமோ முடிந்து இரண்டு மாதம். சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கஞ்சாவிலிருந்து எடுத்த சிபிடி எண்ணெய் கொடுத்தால் பசி எடுக்கும், வலி குறையும், மனசும் லேசாகும் என்று ஒருவர் விற்கிறார். ஒரே பொருள் மூன்றையும் எப்படிச் செய்யும்? நம்பி வாங்கலாமா?"

வாங்காதீர்கள். காரணம் சொல்கிறேன்.

நம் உடம்பே கஞ்சாவை ஒத்த வேலை செய்யும் பொருள்களைச் சுரக்கிறது. 1992-இல் கண்டுபிடித்த ஒன்றுக்கு 'ஆனந்தம்' என்ற சொல்லை வைத்தே ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். ஒரு நரம்பணுவுக்குச் செய்தி அளவுக்கு மீறி வந்தால், அது தன் சவ்வின் கொழுப்பிலிருந்து இத்தகைய பொருளைத் துளியளவு தயாரித்து, செய்தி அனுப்பிய அணுவுக்கே திருப்பி விடும். அங்கே சிபி1 என்ற பூட்டில் அது பொருந்தியதும் செய்தி தணியும். வேலை முடிந்ததும் நொதிகள் அதைச் சிதைத்துவிடும்.

இந்தப் பூட்டு மூளையில் பசியைக் கவனிக்கும் இடத்திலும் உண்டு, பயத்தைக் கவனிக்கும் இடத்திலும் உண்டு, வலி ஏறிவரும் தண்டுவடத்திலும் உண்டு. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் போய் உட்கார்ந்து, மணிக்கணக்கில் வேலை செய்யும். அதனால் பசியை மட்டும் தூண்டி, மனசைத் தொடாமல் விட முடியாது. எதிர்த்திசையிலும் இதைப் பார்த்தாயிற்று. எடை குறைக்க சிபி1-ஐ அடைக்கும் ரிமோனபன்ட் மாத்திரை 2006-இல் ஐரோப்பாவில் வந்தது. பசி அடங்கியது, கூடவே சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2008-இல் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அந்த விற்பனைக்காரரிடம் வருவோம். சிபிடி இந்தப் பூட்டைத் திறப்பதே இல்லை. பசியைத் தூண்டுவது டிஎச்சி. ஆக, புட்டியில் எழுதியிருப்பது உண்மையானால் பசி வராது. பசி வந்தால் எழுதியிருப்பது பொய். 2017-இல் இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருள்களைச் சோதித்தபோது, 26-இல்தான் அளவு சரியாக இருந்தது. 18-இல் டிஎச்சி இருந்தது. அம்மா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாரா? அப்படியானால் இன்னும் ஆபத்து. சிபிடி அந்த மருந்தை ரத்தத்தில் தேங்கவைக்கும்.

இன்னொன்று, வருடக்கணக்கில் அடிக்கடி கஞ்சா எடுப்பவர்களில் சிலருக்கு எல்லாம் தலைகீழாகிவிடும். வாந்தியை நிறுத்தும் என்று நினைத்த பொருளே ஓயாத வாந்தியைக் கொண்டுவரும். அடையாளம் விசித்திரமானது: வெந்நீரில் நின்றால் மட்டும் தணியும், வெளியே வந்தால் திரும்ப ஆரம்பிக்கும். ஒருவர் தினமும் நாலைந்து முறை வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மாதம் குடலுக்குள் குழாய் விட்டு விட்டுப் பார்த்தார்கள். கஞ்சா உண்டா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை! கேட்டால் திட்டுவார்கள் என்று அவரும் வாயைத் திறக்கவில்லை. நிறுத்தியதும் சரியாயிற்று.

டிஎச்சியை அளந்து செய்த ட்ரோனபினால் என்ற மருந்தை, கீமோ வாந்திக்கு அமெரிக்காவில் 1985-லேயே அனுமதித்தார்கள். உங்கள் ஊரில் கிடைக்குமா, அம்மாவுக்கு ஆகுமா என்பதைப் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கு முன் வாய்ப்புண், மலச்சிக்கல், நாக்கில் ருசி மாறியிருப்பது மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே எண்ணெய் கொடுத்திருந்தால், புட்டியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.