தங்கச்சிக்கு மட்டும் ஏன் அந்த வரி?

கேள்வி: ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானுக்கான கல்லூரித் தேர்வுக்கு ஆறு பேர் சேர்ந்து, போட்டோவைப் பார்த்து வாழை இலை நோயைச் சொல்லும் ஆப் செய்திருக்கிறோம். அறிமுக ஸ்லைடில் ஒவ்வொருவர் பலத்தையும் ஒரே வரியில் சொல்ல வேண்டும். 'கோடிங் புலி', 'ஏஐ நிபுணர்', 'டிசைன் மன்னன்' என்று எழுதினேன். எங்கள் சார், "சினிமா போஸ்டரா?" என்கிறார். பெண் ஒருவர் கட்டாயம் என்பதால் என் சித்தி மகளையும் சேர்த்தோம். சித்தப்பா தோட்டத்தில் இலைகளைப் படம் எடுத்து, வகை பிரித்துக் கொடுத்தது அவள்தான். அவளுக்கு 'உற்சாகமான ஒத்துழைப்பாளர்' என்று போட்டிருக்கிறேன். நடுவர்களைக் கவரும்படி எப்படி எழுதுவது?
- இன்ஜினியரிங் மாணவர், களக்காடு

பதில்: தம்பி, கவருவதெல்லாம் அப்புறம். 'வகை பிரித்துக் கொடுத்தது அவள்தான்' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்களே, எதிலிருந்து எதைப் பிரித்தாள் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

சிகடோகா இலைப்புள்ளி வந்த இலையும், பொட்டாஷ் சத்து குறைந்த இலையும் தூரத்தில் நின்று பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டும் மஞ்சளாகிக் காயும். பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நோய் என்றால் இலையின் பக்க நரம்பு போகிற போக்கிலேயே சின்னச் சின்னக் கோடுகள் விழும். பிறகு அவை நடுவில் சாம்பல் நிறமும் சுற்றிலும் மஞ்சள் வளையமுமாகப் புள்ளிகளாகும். சத்துக் குறைவு என்றால் முதிர்ந்த அடி இலையின் ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வரும். அந்தப் பெண் இதில் தவறியிருந்தால் அந்தப் படங்களைப் பார்த்துப் பழகிய உங்கள் மாடலும் அதே தவறைத்தான் படித்திருக்கும். கோடிங் புலி எவ்வளவு புரோகிராம் எழுதினாலும் அது மாறாது.

விவரமான நடுவர் டேட்டாவிலிருந்துதான் தொடங்குவார். எங்கே எடுத்த படம், யார் லேபிள் போட்டது? அடுத்ததாக, ஒரே இலையை நாலு படம் எடுத்து, மூன்றைப் பயிற்சிக்கும் ஒன்றைச் சோதனைக்கும் விட்டீர்களா என்பார். அப்படி விட்டிருந்தால் மாடல் நோயைப் படிக்கவில்லை, அந்த இலையை மனப்பாடம் செய்திருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் 95 சதவீதம் சரி என்று காட்டும். ஏர்வாடிப் பக்கம் வேறொரு தோட்டத்துக்குப் போனால் கவிழ்ந்துவிடும். எந்தப் படம் எந்த மரத்தில் எடுத்தது என்று சொல்லக்கூடியவள் உங்கள் குழுவில் ஒருத்திதான். அவள் பெயருக்கு நேரே 'உற்சாகமான ஒத்துழைப்பாளர்' என்று இருந்தால் கேள்வி அவளிடம் போகாது, ஏஐ நிபுணரிடம் போகும். அவர் முழிப்பார்.

அந்த ஒரு வரியின் வேலையே எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்று நடுவருக்குக் காட்டுவதுதான். ஆகவே குணத்தை எழுதாதீர்கள், இந்த வேலையில் அவர் செய்ததை எழுதுங்கள். வரியைத் தூக்கி வேறொரு குழுவின் ஸ்லைடில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அடித்துவிடுங்கள். 'டிசைன் மன்னன்' எல்லாக் குழுவிலும் பொருந்துவார். 'எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்தே பயன்படுத்தும்படி திரையை அமைத்தவர்' என்பது, அதை உண்மையிலேயே செய்திருந்தால், உங்கள் ஆளுக்கு மட்டும் பொருந்தும். ஏஐ நிபுணர் மொபைல்நெட் போல ஏற்கெனவே தயாராக உள்ள மாடலை எடுத்து வாழைப் படங்களுக்குப் பழக்கியிருந்தால், அதையே அப்படியே எழுதுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. நிபுணர் என்று போட்டால் நிபுணரிடம் கேட்கிற கேள்வி வரும், அவ்வளவுதான். தங்கச்சிக்கு: 'இலைப்புள்ளி நோயையும் பொட்டாஷ் குறைவையும் கண்ணால் பிரித்து, படங்களுக்கு லேபிள் போட்டவர்.'

இனி நான் திட்ட வேண்டியது. ஆறு பேரில் ஒரு பெண்ணாவது வேண்டும் என்பது போட்டியின் விதி, சரி. ஆனால் விதிக்காகச் சேர்த்தோம் என்ற நினைப்புதான் உங்கள் பேனாவில் அந்த வரியாக வந்திருக்கிறது. தோட்டம் சித்தப்பாவுடையது, வெயிலில் நின்றது அவர் மகள், பட்டம் மட்டும் புலிக்கும் மன்னனுக்குமா? அண்ணன் என்றால் நாலு பேர் கூடிய சபையில் தங்கச்சி பெயரைக் கூசாமல் முதலில் சொல்கிறவன். நாளைக்கு இறுதிச் சுற்றுக்குத் தேர்வானால், சாப்ட்வேர் பிரிவில் 36 மணி நேரம் விடாமல் உட்கார வேண்டும், அதுவும் வெளியூரில். உங்களை நம்பித்தானே அவளை வீட்டில் அனுப்புவார்கள்? பழைய காலத்துப் பேச்சாகத் தெரிந்தால் தெரியட்டும், நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்கு நேரில் போங்கள். வாட்ஸ்அப்பில் மன்னிப்பு வேண்டாம். படங்களை மரம் வாரியாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். பயிற்சிக்கு எடுத்த மரம் சோதனையில் வராதபடி வைத்து மறுபடி ஓட்டுங்கள். சதவீதம் அநேகமாக இறங்கும். இறங்கிய எண்ணையே ஸ்லைடில் போடுங்கள், அது எப்படி வந்தது என்பதை அவளே நடுவர்களுக்குச் சொல்லட்டும்.