ஊசி குத்திய விரல் நுனி வீங்கித் தெறிக்கிறது: பழுக்கும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: பர்மாவில் மோல்மேன் ஊரில் வீட்டில் இருந்தே துணி தைத்துக் கொடுக்கிறேன். நாலு நாளைக்கு முன்னால் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் தமைனுக்கு ஓரம் தைக்கும்போது ஊசி இடது ஆள்காட்டி விரல் நுனியில் ஆழமாக ஏறிவிட்டது. இப்போது நுனிச் சதை வீங்கி, கல் மாதிரி இருக்கிறது. விண் விண்ணென்று தெறிக்கிறது, இரண்டு இரவாகத் தூக்கம் இல்லை. கடையில் கலவை மாத்திரைப் பொட்டலம் வாங்கிப் போட்டேன், கொஞ்சம் அடங்கி மறுபடி வந்துவிட்டது. நகச்சுற்றுதான், எலுமிச்சம்பழம் செருகு, பழுக்கட்டும், அப்புறம் கீறிக்கொள்ளலாம் என்கிறார் அத்தை. காத்திருக்கலாமா டாக்டர்?

பதில்: காத்திருக்க வேண்டாம் அம்மா. இன்றைக்கே, முடியாவிட்டால் நாளைக் காலையில், அறுவை மருத்துவர் இருக்கும் இடத்துக்குப் போய் விரலைக் காட்டுங்கள். கீறிச் சீழை வெளியேற்றும் கட்டம் அநேகமாக வந்துவிட்டது.

அத்தை சொல்லும் நகச்சுற்று வேறு. அது நகத்தின் ஓரத் தோலில் வரும். அங்கே மேல்தோலுக்கு அடியிலேயே சீழ் சேர்ந்து மஞ்சளாகத் தெரியும், பல சமயம் தானாகவே உடைந்தும் போகும். உங்களுக்கு வந்திருப்பது நகத்துக்கு எதிர்ப்பக்கம், ரேகை பதியும் சதைக்குள். மருத்துவத்தில் இதற்கு ஃபெலன் என்று பெயர்.

பழுக்கட்டும் என்ற யோசனை இந்த இடத்தில் ஏன் செல்லாது என்பது தையல்காரருக்குச் சுலபமாகப் புரியும். இலவம்பஞ்சு மெத்தையில் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்காமல் இருக்க, மேல் துணியையும் கீழ் துணியையும் சேர்த்து இடையிடையே நூலை இழுத்துத் தைத்திருப்பார்கள் அல்லவா? விரல் நுனியும் அப்படித்தான். தோலில் இருந்து எலும்புவரை கெட்டியான நார்கள் ஓடுகின்றன. பொருளை இறுக்கிப் பிடிக்கும்போது சதை வழுக்காமல் இருப்பது அவற்றால்தான். ஆனால் அதே நார்கள் நுனியைச் சின்னச் சின்ன மூடிய அறைகளாகப் பிரித்தும் வைக்கின்றன. தொடையில் வரும் கட்டி விரிந்து, மெத்தென்று ஆகி, கண் வைத்து உடையும். இங்கே சீழுக்கு விரிய இடமில்லை. அதனால் அழுத்தம்தான் ஏறும். உள்ளே சீழ் இருந்தும் வெளியே கல் மாதிரி இருப்பது இதனால்தான். விரல் மெத்தென்று ஆகிவிட்டால், பெரும்பாலும் உள்ளே சதை அழுகிக் கரைந்துவிட்டது என்று பொருள்.

அழுத்தம் ஏறினால் அந்த அறைகள் வழியாக ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்கள் நசுங்கும். ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் உள்ளே வரப் பார்க்கும் இரத்தத்துக்கு இடமில்லை. நீங்கள் சொல்லும் விண் விண் அதுதான். கையைத் தொங்கப்போட்டால் கூடும், தலைக்கு மேல் தூக்கினால் கொஞ்சம் குறையும். முதலில் சதை சாகும், பிறகு நுனி எலும்பு. அந்த எலும்பின் அடிப்பகுதிக்குப் போகும் குழாய் இந்த அறைகளுக்கு வெளியிலேயே பிரிந்துவிடுவதால் அது பெரும்பாலும் தப்பிக்கும். நுனிதான் போகும்.

மாத்திரை கேட்காததற்கும் இதே காரணம். மருந்து இரத்தத்தோடுதான் போக வேண்டும், இரத்தமே போகாத இடத்துக்கு அது எப்படிப் போகும்? குத்திய முதல் ஒன்றிரண்டு நாளில், சதை இன்னும் இளக்கமாக இருக்கையில், சரியான ஆன்டிபயாட்டிக்கும் வெந்நீர் ஒத்தடமும் கையை உயர்த்தி வைப்பதும் போதும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். வலியால் ஒரு இரவு தூக்கம் போனாலே உள்ளே சீழ் என்று எடுத்துக்கொள் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உங்களுக்கு இரண்டு இரவு போயிருக்கிறது. அப்புறம் அந்தக் கலவைப் பொட்டலம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வீக்கமும் வலியும் அடங்கின மாதிரி காட்டும், உள்ளே கிருமி பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். போகும்போது மிச்ச மாத்திரையையும் உறையையும் எடுத்துப் போங்கள்.

பல வருடங்களுக்கு முன் கோயில் வாசலில் மல்லிகைச் சரம் கோக்கும் ஒரு அம்மா என்னிடம் வந்தார். திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு பூ ஊசி குத்தியிருக்கிறது. பண்டிகையில் எல்லாம் மூடிக் கிடந்தது, எலுமிச்சம்பழத்துக்குள் விரலை விட்டுக்கொண்டே நாளைக் கடத்திவிட்டார். ஒன்பதாம் நாள் வலி திடீரென்று குறைந்தது, சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். குறைந்தது நரம்பும் சேர்ந்து செத்ததால். பதினெட்டாம் நாள் என்னிடம் வந்தபோது நுனியில் ஒரு ஓட்டை, அதில் நீர் வடிந்துகொண்டிருந்தது. எக்ஸ்ரேயில் நுனி எலும்பு அரித்துப்போயிருந்தது. கீறியபோது அரிசி அளவு எலும்புத் துண்டு ஒன்று தனியாக வெளியே வந்தது. ஆறு வாரம் மருந்து சாப்பிட்டார். விரல் பிழைத்தது, ஆனால் நுனி குட்டையாகி, நகம் கொக்கி மாதிரி வளைந்துவிட்டது.

கீறுவது நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. மரத்துப்போகும் ஊசியை வீங்கிய நுனியில் போட மாட்டார்கள், விரலின் அடியில் இரண்டு பக்கமும் போடுவார்கள். சில நிமிடத்தில் விரல் முழுவதும் மரத்துவிடும். பல நாள் கழித்து முதல் தடவையாக வலி இல்லாமல் இருப்பதால் அங்கேயே கண் அசந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மரக்க வைப்பதற்கு முன்பே ஒரு மழுங்கிய குச்சியால் அழுத்தி, அதிகம் வலிக்கும் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள்; மரத்த பிறகு அந்த இடத்தில் நீளவாக்கில் சின்னக் கீறல் போடுவார்கள். மூட்டு மடிப்பைத் தாண்டக் கூடாது. பக்கவாட்டில் கீறுவதானால், ஆள்காட்டி விரலில் கட்டை விரலோடு தொடாத பக்கம்தான் நல்லது. ஊசி பிடிக்கும் பக்கத்தில் தழும்பு விழுந்தால் உங்கள் பிழைப்புக்கு இடைஞ்சல். உள்ளே நார் அறைகளை மெதுவாகத் திறந்துவிட்டுக் கழுவுவார்கள். சீழில் கொஞ்சம் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், எந்த மருந்து கேட்கும் என்று அதில்தான் தெரியும். காயத்தைத் தைத்து மூட மாட்டார்கள், தளர்வாகத் துணி வைத்து ஒன்றிரண்டு நாளில் எடுத்துவிடுவார்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள், சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நுனியில் தெளிந்த நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக இருந்து, சதை கல்லாக இல்லாமல் இளக்கமாகவே இருந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அதைக் கீறக் கூடாது. உங்கள் விவரம் அப்படி இல்லை, இருந்தாலும் கொப்புளம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

விரல் முழுவதும் வீங்கி, பாதி மடங்கியபடியே நின்று, நிமிர்த்தினால் உயிர் போகிற வலி எடுத்தால், அல்லது கையில் சிவப்புக் கோடு ஏறிக் காய்ச்சல் வந்தால், நாளைக் காலை என்ற பேச்சே கிடையாது. இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். விரலை மடக்கும் தசைநாணின் உறைக்குள் சீழ் இறங்கிவிட்டால் கை முழுவதற்கும் ஆபத்து.

நீங்களே ஊசியைச் சுட்டுக் குத்திப் பார்க்க வேண்டாம், கிருமியை இன்னும் ஆழமாகத் தள்ளிவிடுவீர்கள். எலுமிச்சம்பழத்தையும் கழற்றிவிடுங்கள். தோல் ஊறி வெளுத்துப்போனால் மருத்துவருக்கு நிறம் பார்க்க முடியாது.

அன்றைக்குக் குத்திய ஊசி வீட்டில்தானே இருக்கும்? அதை இன்னொரு ஊசியோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். முனை ஒடிந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒடிந்த துண்டு எக்ஸ்ரேயில் தெரியும், கீறும்போதே எடுத்துவிடலாம்.