வயிறு தாங்கவில்லை என்று மெட்ஃபார்மினை விட்டுவிட்டு இனோசிட்டாலுக்கு மாறலாமா?

"வயது 27, பி.சி.ஓ.எஸ். 60, 70 நாளுக்கு ஒருமுறைதான் பீரியட்ஸ் வருகிறது. மெட்ஃபார்மின் 500 காலை ஒன்று, இரவு ஒன்று கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கு தாங்காமல் 10 நாளில் நிறுத்திவிட்டேன். இனோசிட்டால் பவுடரே போதும் என்கிறாள் தோழி. எதைச் சாப்பிட?"

மாறுவதற்கு முன்னால் மெட்ஃபார்மினை ஒருமுறை ஒழுங்காகத் தொடங்கிப் பாருங்கள். முதல் நாளிலிருந்தே இரண்டு மாத்திரை என்பது பலருடைய குடலுக்கு அவசரம். 10 நாளில் வயிறு கெட்டதை வைத்து மருந்து உங்களுக்கு ஒத்துவராது என்று முடிவுகட்ட முடியாது. பலன் தெரிவதற்கும் 10 நாள் போதாது. ஏன் என்று புரிந்தால் இரண்டில் எது என்பதை நீங்களே மருத்துவரிடம் பேசி முடிவுசெய்யலாம்.

பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்குத் தசையும் கல்லீரலும் இன்சுலின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. அதனால் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. சினைப்பையோ அந்தக் கூடுதல் இன்சுலினுக்கு முழுதாகச் செவிசாய்க்கிறது. முட்டையை வெளியேறத் தூண்டும் எல்எச் ஹார்மோனோடு சேர்ந்து இன்சுலின் அங்கே ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்கவைக்கிறது. இன்னொரு பக்கம், ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகத் தயாரிக்கிறது. கட்டுப்படாத டெஸ்டோஸ்டிரோன் கூடுகிறது. முட்டைப்பைகள் பாதியிலேயே வளர்ச்சி நின்றுபோகின்றன. ஸ்கேனில் 'கட்டிகள்' என்று எழுதித் தருவது இந்தச் சின்ன முட்டைப்பைகளைத்தான். முட்டை வெளியேறாவிட்டால் ப்ரொஜஸ்டிரோன் சுரக்காது, அது சுரக்காவிட்டால் பீரியட்ஸ் நாள் கணக்கில் வராது.

மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதைக் குறைக்கிறது. ரத்தத்தில் இன்சுலின் தேவை குறைகிறது, சினைப்பை மீதான உந்துதலும் தணிகிறது. இப்படிச் சுற்றிவளைத்து வருவதால்தான் தாமதம். ஒரு முட்டைப்பை வளர்ந்து முடிக்க மாதங்கள் ஆகும், அதனால் குறைந்தது 3 மாதமாவது சரியான அளவில் சாப்பிட்ட பிறகுதான் மாதவிலக்குக் கணக்கைப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. தனியாகச் சாப்பிடும்போது இது சர்க்கரையை ஆபத்தாக இறக்காது.

தொடங்கும் முறை இது. முதல் இரண்டு வாரம் 500 மில்லிகிராம் ஒன்றே ஒன்று, இரவுச் சாப்பாட்டின் நடுவில். வெறும் வயிற்றில் வேண்டாம். வயிறு அமைதியாக இருந்தால் காலைச் சாப்பாட்டோடு இன்னொன்று. அதன்பின் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை 500 கூட்டி, பெரும்பாலும் நாளொன்றுக்கு 1,500 முதல் 2,000 வரை போவார்கள். பெரியவர்களுக்கு உச்சவரம்பு 2,500. ஒரு படி ஏறியதும் வயிறு கலங்கினால் மருந்தையே விட்டுவிடாதீர்கள். முந்தைய படிக்கு இறங்கி இரண்டு வாரம் இருந்துவிட்டு மறுபடி ஏறுங்கள்.

அப்படியும் தாங்கவில்லையா, மெதுவாகக் கரையும் வகை மாத்திரை கேளுங்கள். குடலுக்கு அது இதம். அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மலத்தில் மாத்திரையின் கூடு அப்படியே முழுசாக, மெத்தென்று ஊறிப்போய்த் தெரியலாம். பார்த்துவிட்டு 'மருந்து உடம்பில் சேரவே இல்லை' என்று இரட்டிப்பாக எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மருந்து கசிந்து உள்ளே போய்விட்டது, வெளியே வந்தது வெறும் உறை.

தொடங்குமுன் சிறுநீரகப் பரிசோதனை ஒன்று அவசியம். கடும் வாந்தி, பேதியில் உடம்பு நீர் வற்றும் நாட்களில் மருந்தை நிறுத்திவைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். காலில் மதமதப்பு, காரணம் தெரியாத சோர்வு என்றால் அதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

இனி பவுடர். இனோசிட்டால் உடம்பே தயாரிக்கும் பொருள். இன்சுலினும், முட்டைப்பையை வளர்க்கும் எஃப்எஸ்எச் ஹார்மோனும் செல்லின் வாசலில் தட்டும்போது உள்ளே செய்தியைக் கடத்தும் வேலையில் அதற்குப் பங்கு உண்டு. இரண்டு வடிவம் முக்கியம்: மையோ, டி-கைரோ. ஆய்வுகளில் அதிகம் பயன்பட்ட அளவு மையோ நாளொன்றுக்கு 4 கிராம், அதாவது 2 கிராம் இரண்டு வேளை. இரண்டும் கலந்தால் 40-க்கு 1 விகிதம், ஒரு வேளைக்கு மையோ 2,000, டி-கைரோ 50 மில்லிகிராம்.

ஏன் டி-கைரோவை அள்ளிப் போடக்கூடாது? சினைப்பைக்கு மையோதான் அதிகம் வேண்டும். மிகுந்த இன்சுலின், அங்கிருக்கும் மையோவை டி-கைரோவாக மாற்றும் வேலையை முடுக்கிவிடுகிறது என்பது இந்தத் துறையில் பேசப்படும் விளக்கம். அதன் மேல் இன்னும் டி-கைரோவைக் கொட்டுவது முட்டையின் தரத்துக்கு நல்லதல்ல என்ற கவலை உண்டு.

அதனால் டப்பாவின் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கச் சிற்றெழுத்தைப் படியுங்கள். ஒரு மாத்திரையில் மையோ 550, டி-கைரோ 150 என்று போட்டிருந்தால் விகிதம் 4-க்கு 1 கூட இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு போட்டால் மையோ 1,100 மில்லிகிராம், அதாவது 4 கிராமில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல். 4 கிராமை நெருங்க ஏழு மாத்திரை விழுங்கினால் டி-கைரோ ஆயிரத்தைத் தாண்டிவிடும். உங்கள் தோழி சொல்லும் பவுடரும் அட்டையில் இருக்கும் இன்னொரு பொருளும் ஒரே பெயரில் வேறு வேறு பொருளாக இருக்கலாம். பல இடங்களில் இது மருந்தாக இல்லாமல் துணை உணவாகவே விற்கப்படுவதால் தரக் கட்டுப்பாடும் மருந்துக்கு உள்ள அளவு இருக்காது. இந்த எண்களைப் பெரிதாக அச்சிடாமல் பூப் படமும் தாயும் சேயும் படமும் போட்டு விற்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

இனோசிட்டால் மேல் எதிர்பார்ப்பு பெருகியது 1999-ல் வந்த ஒரு சிறு ஆய்வால். டி-கைரோ எடுத்த 22 பேரில் 19 பேருக்கு முட்டை வெளியேறியது, வெற்று மாத்திரை எடுத்த 22 பேரில் 6 பேருக்கு. மொத்தமே 44 பேர். அந்தப் பளிச்சென்ற வித்தியாசம் பின்னால் உறுதிப்படவில்லை. 2023 சர்வதேச வழிகாட்டுதல் சொல்வது இவ்வளவுதான்: கெடுதல் குறைவு, இன்சுலின் சார்ந்த அளவுகளில் கொஞ்சம் முன்னேற்றம் இருக்கலாம், விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முட்டை வெளியேறுவது, முடி வளர்ச்சி, எடை இவற்றில் பலன் சொற்பம். 'எனக்கு இனோசிட்டாலில்தான் பீரியட்ஸ் சரியானது' என்று எழுத வருபவர்களை நான் பொய் சொல்வதாகச் சொல்லவில்லை. பி.சி.ஓ.எஸ்.-ல் எடை சில கிலோ குறைந்தாலும், வயது ஏறினாலும் சுற்று தானாகக் குறுகுவது உண்டு. எதனால் குறுகியது என்று ஒருவர் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது.

ஆகவே உங்கள் விஷயத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனை எல்லை தாண்டியிருந்தால் மெட்ஃபார்மின்தான். அந்த முடிவு சரியாக இருந்து, மெதுவாக ஏற்றியும் வயிறு ஒத்துழைக்காவிட்டால் இனோசிட்டாலை முயலலாம். 3 முதல் 6 மாதத்தில் நாள் கணக்கு அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். வெறும் வயிற்று இன்சுலின் அளவை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பயன் குறைவு, அதன் முடிவு நாளுக்கு நாள் ஆடும். 'கட்டி கரைந்ததா' என்று மாதாமாதம் ஸ்கேனுக்கு அனுப்புவது அதைவிட வீண். இரண்டு மருந்துமே எதையும் கரைப்பதற்கு இல்லை.

பார்க்க வேண்டியது காலண்டர். ஒரு உதாரணம்: முன்பு 70 நாள். மருந்து சரியான அளவுக்கு வந்தபின் 61, அடுத்தது 44. இறங்குகிறது, நல்ல அறிகுறி. ஆனால் ரத்தம் பட்டதாலேயே முட்டை வெளியேறியது என்று ஆகாது. அதற்கு ப்ரொஜஸ்டிரோன் பார்ப்பார்கள், இங்கேதான் தவறு நடக்கிறது. '21-ம் நாள் டெஸ்ட்' என்பது 28 நாள் சுற்று உள்ளவருக்கான கணக்கு. 44 நாள் சுற்றில் முட்டை 30-ம் நாள் வாக்கில்தான் வெளியேறும், பார்க்க வேண்டியது 37-ம் நாள். 21-ம் நாள் பார்த்தால் 0.4 என்று வரும், 'மருந்து வேலை செய்யவில்லை' என்று நிறுத்திவிடுவார்கள். சுற்று எத்தனை நாள் என்று முன்கூட்டித் தெரியாதபோது 28-ம் நாளில் தொடங்கி, பீரியட்ஸ் வரும்வரை வாரம் ஒருமுறை பார்ப்பதே வழி. மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் வந்தால் முட்டை வெளியேறியிருக்கிறது. வீட்டில் பார்க்கும் எல்எச் பட்டையை நம்பாதீர்கள், பி.சி.ஓ.எஸ்.-ல் பலருக்கு எல்எச் எப்போதுமே உயர்ந்திருப்பதால் பொய்யாக இரண்டு கோடு காட்டலாம்.

இரண்டு விஷயத்தில் இந்த மருந்துகளை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஒன்று, குழந்தை. 626 பெண்களை வைத்து 2007-ல் வெளியான ஆய்வில் மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் 7.2 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, முட்டையை வெளியேறத் தூண்டும் க்ளோமிஃபீன் எடுத்தவர்களில் 22.5 சதவீதம். அந்த வேலைக்கு இப்போது லெட்ரோசோல்தான் முதல் தேர்வு. மற்றொன்று முகத்து முடி. மெட்ஃபார்மினால் அது கொஞ்சமே மாறும், அதற்கு வேறு மருந்து கேளுங்கள்.

குழந்தை வேண்டாம் என்றால் கருத்தடையை விட்டுவிடாதீர்கள். சுற்று திரும்பும்போது முட்டைதான் முதலில் வரும், பீரியட்ஸ் அதற்குப் பிறகுதான். எந்த மருந்து சாப்பிட்டாலும் 90 நாள் தாண்டி ரத்தப்போக்கு இல்லையென்றால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. அது இல்லை என்றால் கர்ப்பப்பை உள்சுவர் தடித்துக்கொண்டே போகாமல் இருக்க ப்ரொஜஸ்டிரோன் வகை மாத்திரையைச் சில நாட்களுக்கு எழுதித் தருவார்கள். மெட்ஃபார்மின் இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.